சப்ளையரின் வரவுத் திட்டத்தில் தாமதத்தையும் வாராக்கடனையும் கணக்கிடுவது எப்படி?

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு அட்டைப்பெட்டி, லேபிள், எலாஸ்டிக் போன்றவற்றைக் கொடுக்கும் சின்ன யூனிட்களில் பலர் அடுத்த மூன்று மாத வரவை இப்படித்தான் போடுகிறார்கள்: "நாம் 45 நாள் கடன் கொடுக்கிறோம், அதனால் இந்த மாத விற்பனை ஒன்றரை மாதம் கழித்து வரும்." பில்லில் அச்சடித்த நாள் கணக்கு அது. பணம் வரும் நாள் கணக்கு வேறு, அது உங்கள் லெட்ஜரில் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. அதை வெளியே எடுத்து, தாமதம் எவ்வளவு, வரவே வராதது எவ்வளவு என்று பிரித்து, மாதவாரியாக வரவைப் போடும் முறையை ஒரு பெட்டி யூனிட்டை வைத்துப் பார்ப்போம். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று எண்களை முழு எண்களாக நானே வைத்திருக்கிறேன். எல்லாம் ஜிஎஸ்டி சேர்ந்த பில் தொகை.

லெட்ஜரில் முதலில் சரிசெய்ய வேண்டியது

எந்தப் பில்லுக்கு எந்தப் பணம் வந்தது என்று தெரியாமல் இந்த வேலையைத் தொடங்கவே முடியாது. டேலியில் பலர் வரவை "On Account" என்று போட்டுவிட்டுப் போகிறார்கள். பார்ட்டி மூன்று லட்சம் ஆர்டிஜிஎஸ் அனுப்பியிருப்பார், அது மார்ச் பில்லுக்கா மே பில்லுக்கா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அப்படியே விட்டால் பாக்கிப் பட்டியலில் எல்லாப் பில்லும் பழையதாக நிற்கும், வந்த பணம் எதிலும் ஒட்டாமல் தனியாக நிற்கும். பார்ட்டியின் பேமென்ட் அட்வைஸைக் கேட்டு வாங்கிப் பில் வாரியாகப் பொருத்துங்கள். அட்வைஸ் கிடைக்காத இடத்தில் பழைய பில்லிலிருந்து வரிசையாகக் கழியுங்கள். ஆனால் பார்ட்டி ஒரு பில்லை மட்டும் தகராறு என்று நிறுத்தி வைத்திருந்தால் அதில் கழிக்காதீர்கள். அந்தப் பில் வயதாகிக்கொண்டே போவது உங்கள் கண்ணில் பட வேண்டும்.

செக்கில் இன்னொரு கவனம் தேவை. பிறகு வரும் தேதி போட்டுத் தந்த செக் கைக்கு வந்த நாளை வரவாக எழுதினால் கணக்கு முழுவதும் முன்னால் தள்ளிப்போகும். வங்கியில் பணம் ஏறிய நாள்தான் வரவு நாள்.

பெரிய பார்ட்டியைத் தனியாக எடுத்து வையுங்கள்

நம் பெட்டி யூனிட்டுக்கு ஒரு பெரிய ஏற்றுமதி நிறுவனம் மாதம் 6 லட்சத்துக்கு ஆர்டர் தருகிறது. மற்ற பார்ட்டிகள் எல்லாம் சேர்ந்து மாதம் 16, 17 லட்சம். பெரிய பார்ட்டியையும் சேர்த்துச் சராசரி போட்டால் அந்தச் சராசரி யாருக்குமே பொருந்தாது. பெரிய பார்ட்டி நாள் குறித்துப் பணம் போடுபவர். ஏப்ரல் பில் முழுவதும் ஜூலை 10ஆம் தேதி, மே பில் ஆகஸ்ட் 10ஆம் தேதி என்று ஒரே வழக்கம். அவருக்குச் சதவீதம் தேவையில்லை, பெயரும் தேதியும் போதும். மொத்த விற்பனையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டும் எவரையும் இப்படித் தனி வரியில் வைப்பதுதான் சரி என்பது என் கருத்து. அப்படிப்பட்டவர்கள் மூன்று நான்கு பேர் இருந்தாலும் தனித்தனியாகவே வையுங்கள்.

மீதமுள்ள சின்னப் பார்ட்டிகளுக்குத்தான் சதவீதக் கணக்கு.

வசூல் சதவீதத்தை எடுப்பது

ஜூன் முடிவில் உட்கார்ந்து ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் வரவைப் போடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். எந்த மாத விற்பனையை அடிப்படையாக எடுப்பது? சமீபத்திய மாதங்களை எடுக்கத்தான் கை போகும். ஆனால் மே மாத பில்களுக்கு இன்னும் பாதிப் பணம்கூட வந்திருக்காது. அதை எடுத்தால் வராததையும் வரப்போவதையும் பிரிக்க முடியாது. பணம் வந்து முடிந்த மாதங்களை மட்டும் எடுக்க வேண்டும்.

நான் சென்ற ஆண்டு ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையான விற்பனையை எடுப்பேன். அதற்கு இரண்டு காரணங்கள். உள்நாட்டு பனியன் யூனிட்கள் தீபாவளிக்கு முன் கொள்முதலைக் கூட்டி, கடைகளிலிருந்து வசூல் திரும்பிய பிறகே நமக்குக் கொடுப்பார்கள். அந்த வழக்கம் அதே பருவத்தில்தான் தெரியும். இரண்டாவது காரணம் மார்ச். உத்யம் பதிவுள்ள குறு, சிறு உற்பத்தியாளருக்கு உரிய காலத்துக்குள் பணம் கொடுக்காவிட்டால், அந்தக் கொள்முதலை அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாது, கொடுத்த ஆண்டில்தான் காட்டலாம் என்ற வருமான வரி விதி 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் உச்ச வரம்பு 45 நாள், ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். அதனால் ஆடிட்டர் சொல்லி மார்ச் கடைசி வாரத்தில் பழைய பாக்கியைத் தீர்க்கும் பார்ட்டிகள் உண்டு. மார்ச் வசூல் கலந்த சதவீதத்தை ஜூலைக்குப் போட்டால் வரவு பெருத்துத் தெரியும்.

இப்போது ஒவ்வொரு மாத விற்பனைக்கும், அதே மாதத்தில் வந்தது, அடுத்த மாதம் வந்தது, அதற்கு அடுத்தது என்று ஐந்து பத்திகளில் ரூபாயை எழுதுங்கள். ஆறு மாதத்தையும் கூட்டிய பிறகு சதவீதம் போடுங்கள். ஒவ்வொரு மாதத்துக்கும் சதவீதம் போட்டு அவற்றுக்குச் சராசரி எடுத்தால், விற்பனை குறைந்த ஒரு மாதமும் பெரிய மாதமும் ஒரே எடையாகிவிடும்.

நம் யூனிட்டில் சின்னப் பார்ட்டிகளின் ஆறு மாத விற்பனை 100 லட்சம். அது வந்த விதம்:

| எப்போது | லட்சம் |
|---|---|
| விற்ற மாதமே | 10 |
| 1 மாதம் கழித்து | 25 |
| 2 மாதம் கழித்து | 35 |
| 3 மாதம் கழித்து | 20 |
| 4 மாதம் கழித்து | 6 |
| டெபிட் நோட், கழிவு | 2 |
| வராதது | 2 |

டெபிட் நோட்டைத் தனி வரியாக வைத்திருப்பதைக் கவனியுங்கள். பெட்டியின் ஜிஎஸ்எம் குறைவு, பிரிண்ட் மங்கல், எண்ணிக்கை குறைவு என்று பிடித்துக்கொள்ளும் தொகை வாராக்கடன் அல்ல. பார்ட்டி நல்ல நிலையில்தான் இருக்கிறார், நம் சரக்கில் குறை இருந்தது, அல்லது அப்படிச் சொல்கிறார். இதைக் குறைக்க வேண்டிய இடம் தர ஆய்வும் டெலிவரி சலானில் வாங்கும் கையெழுத்தும். இரண்டையும் ஒன்றாகக் கலந்து "4 சதவீதம் வராது" என்று எழுதிவிட்டால் எதைச் சரிசெய்வது என்றே தெரியாமல் போகும்.

மூன்று மாத வரவு

சின்னப் பார்ட்டிகளின் விற்பனை மார்ச் 16, ஏப்ரல் 14, மே 18, ஜூன் 20 லட்சம். எதிர்பார்ப்பு ஜூலை 20, ஆகஸ்ட் 24, செப்டம்பர் 25 லட்சம்.

ஜூலை வரவில் ஐந்து மாத விற்பனையும் வந்து சேர்கிறது. ஜூலை விற்பனையில் 10 சதவீதம் 2 லட்சம், ஜூனில் 25 சதவீதம் 5 லட்சம், மேயில் 35 சதவீதம் 6.30 லட்சம், ஏப்ரலில் 20 சதவீதம் 2.80 லட்சம், மார்ச்சில் 6 சதவீதம் 0.96 லட்சம். மொத்தம் 17.06 லட்சம். இதே போல ஆகஸ்ட் 18.84, செப்டம்பர் 20.58.

எக்செலில் விற்பனையை A2 முதல் மார்ச், ஏப்ரல் என்று வரிசையாகப் போட்டால், ஜூலைக்குக் கீழே E3இல் இந்த ஒரு சூத்திரம் போதும். வலது பக்கம் இழுத்தால் ஆகஸ்ட், செப்டம்பரும் வந்துவிடும்:

```
=0.10*E2+0.25*D2+0.35*C2+0.20*B2+0.06*A2
```

மூன்று மாத விற்பனை 69 லட்சம், வரவு 56.48 லட்சம். இடைவெளி 12.52 லட்சம். இதைப் பார்த்துப் பயந்து எல்லாமே மோசமான பார்ட்டி என்று நினைக்க வேண்டாம். 69 லட்சத்தில் கழிவும் வாராக்கடனுமாக 4 சதவீதம் போனால் 2.76 லட்சம்தான். மீதி சுமார் 9.76 லட்சம் முழுக்கத் தாமதம், அதிலும் விற்பனை ஏறுவதால் வரும் தாமதம். ஏப்ரலில் 14 லட்சம் விற்ற யூனிட் செப்டம்பரில் 25 லட்சம் விற்கும்போது, வரும் பணம் பழைய சின்ன மாதங்களுடையது, வாங்க வேண்டிய கிராஃப்ட் பேப்பர் புதிய பெரிய மாதத்துக்கானது. ஆர்டர் நிறைந்த மாதத்தில்தான் வங்கி ஓவர்டிராஃப்ட் வரம்பு முட்டுகிறது என்று பலர் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

"45 நாள்" கணக்கோடு ஒப்பிடுவோம். அந்த முறையில் ஜூலை வரவு, மே விற்பனையில் பாதியும் ஜூன் விற்பனையில் பாதியும் சேர்ந்து 19 லட்சம். ஆகஸ்டில் 20, செப்டம்பரில் 22. மொத்தம் 61 லட்சம். நம் கணக்கைவிட 4.52 லட்சம் அதிகம். அந்தத் தொகையை நம்பிப் பேப்பர் மில்லுக்குத் தேதி கொடுத்தால் அந்தத் தேதி தவறும்.

கையில் உள்ள பாக்கியோடு சரிபார்ப்பது

இந்தச் சரிபார்ப்பைத் தவிர்க்காதீர்கள். சதவீதம் சரியாக இருந்தால் ஜூன் முடிவில் லெட்ஜரில் எவ்வளவு பாக்கி நிற்க வேண்டும் என்று அதிலிருந்தே சொல்லலாம். ஜூன் விற்பனையில் 90 சதவீதம் இன்னும் வரவில்லை, 18 லட்சம். மேயில் 65 சதவீதம், 11.70. ஏப்ரலில் 30 சதவீதம், 4.20. மார்ச்சில் 10 சதவீதம், 1.60. கூட்டினால் 35.50 லட்சம்.

டேலியில் Statements of Accounts > Outstandings > Receivables போய்ப் பார்த்தால் சின்னப் பார்ட்டிகளின் பாக்கி 41 லட்சம் என்று வருகிறது என்று வையுங்கள். அதிகப்படி 5.50 லட்சம் எங்கே நிற்கிறது? மார்ச்சுக்கு முந்தைய பில்களில் நின்றால், அது நம் சதவீதத்துக்கு வெளியே உள்ள பழைய பாக்கி. அதைச் சதவீதம் போட்டு வரவில் சேர்க்காதீர்கள். மே, ஜூன் பில்களில் நின்றால் விஷயம் வேறு. சென்ற ஆண்டைவிட இந்த ஆண்டு பணம் மெதுவாக வருகிறது என்று பொருள், சதவீதத்தையே மாற்ற வேண்டும். அப்போது "1 மாதம் கழித்து" பத்தியிலிருந்து ஐந்து புள்ளியை "3 மாதம் கழித்து" பத்திக்கு நகர்த்தி, மூன்று மாத வரவை மறுபடி போட்டுப் பாருங்கள்.

பழைய 5.50 லட்சத்துக்குப் பெயர் வாரியாக ஒரு பட்டியல் போதும். பணம் தரத் தேதி சொல்லி, சொன்ன தேதியில் முன்பு ஒருமுறையாவது கொடுத்தவர் என்றால் அந்தத் தொகையை அந்த மாதத்தில் எழுதலாம். மற்றதெல்லாம் பூஜ்யம். வந்தால் வந்த மாதத்தில் எழுதிக்கொள்ளலாம்.

வாராக்கடனை வயதோடு பாருங்கள்

100க்கு 2 லட்சம் வராது என்பது பில் போடும் நாளின் கணக்கு. பில் வயதாக ஆக அது மாறுகிறது. நம் அட்டவணையையே எடுங்கள். மூன்று மாத வசூலும் முடிந்த பிறகு, டெபிட் நோட்டைக் கழித்தால், 100 லட்சத்தில் நிற்பது 8 லட்சம். அதில் 6 வருகிறது, 2 வரவில்லை. அதாவது நான்காவது மாதத்துக்குள் நுழைந்த பாக்கியில் நாலில் ஒரு பங்கு வருவதில்லை. புது பில்லுக்கு 2 சதவீத ஆபத்து, நான்காம் மாதப் பில்லுக்கு 25 சதவீதம். பார்ட்டிக்கு மேலும் சரக்கு அனுப்புவதா என்று முடிவெடுக்கும்போது பார்க்க வேண்டியது இந்த இரண்டாவது எண்.

வயதைவிட முன்னால் வரும் அறிகுறிகளும் உண்டு. பில் தொகையாக அனுப்பிக்கொண்டிருந்தவர் ஐம்பதாயிரம், ஒரு லட்சம் என்று ரவுண்டாக அனுப்பத் தொடங்குவார். பழைய பில்லை விட்டுவிட்டுப் புதுச் சரக்கு வேண்டிய அன்று மட்டும் கொஞ்சம் போடுவார். அதே இடத்திலிருந்து, அதே ஆட்கள், வேறு கம்பெனிப் பெயரில் ஆர்டர் தருவார்கள். கடைசியாகச் சொன்னதைப் பார்த்த அன்றே அந்தப் பார்ட்டியைச் சதவீதக் கணக்கிலிருந்து வெளியே எடுத்து, பெயர்ப் பட்டியலில் பூஜ்யம் என்று வைத்துவிடுவேன்.

சின்ன யூனிட்டுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஆண்டுக்கு 200 லட்சம் விற்றால் 2 சதவீதம் என்பது 4 லட்சம். அது மாதா மாதம் முப்பதாயிரம் என்று சீராகப் போகாது. மாதம் 1.5 லட்சத்துக்கு வாங்கி மூன்று மாதம் கழித்துத் தரும் ஒரு யூனிட்டின் பாக்கி எப்போதும் 4.5 லட்சம். அந்த ஒரு யூனிட் மூடினால் ஓராண்டின் வாராக்கடன் ஒரே மாதத்தில் வந்துவிட்டது. மற்ற எல்லா மாதமும் வாராக்கடனே இல்லாதது போலத் தெரியும். அதனால் சதவீதத்தோடு நிறுத்தாமல், சந்தேகப் பட்டியலில் பெரியவர் ஒருவரின் பணம் முழுவதும் நின்றால் எந்த மாதத்தில் ஓவர்டிராஃப்ட் வரம்பு தாண்டும் என்று ஒரு தனி வரி போட்டுப் பாருங்கள்.

பெரிய பார்ட்டிக்கு இரண்டு வரி

அவருடைய 6 லட்சம் ஜூலை 10 அன்று வந்தால் மொத்த வரவு 23.06 லட்சம். ஒரு மாதம் தள்ளினால் 17.06 மட்டுமே. இருபது நாள் தள்ளினால்கூட மாதக் கணக்கில் வித்தியாசம் தெரியாது, ஆனால் இடையில் வரும் சம்பளத்துக்குப் பணம் இருக்காது. ஆகவே பெரிய பார்ட்டி உள்ளவர்கள் முதல் மாதத்தை வாரக் கணக்காகப் பிரித்துப் போட வேண்டும்.

பழைய வழக்கம் திடீரென்று உடையும் காலமும் வரும். 2025 ஆகஸ்ட் 27 முதல் பெரும்பாலான இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது, அமெரிக்க ஆர்டரை நம்பியிருந்த ஏற்றுமதியாளரின் முந்தைய ஆண்டு வசூல் வழக்கத்தை அப்படியே எடுத்திருந்தால் அது எதையும் சொல்லியிருக்காது. அப்படி ஒரு செய்தி வந்தால், அந்த நாட்டுக்கு அனுப்பும் பார்ட்டிகளின் வரவு அனைத்தையும் ஒரு மாதம் தள்ளி எழுதிய இரண்டாவது திட்டத்தை உடனே போடுங்கள்.

அடிக்கடி வரும் மூன்று பிழைகள்

வரவை 96 சதவீதத்துக்குப் போட்ட பிறகு, செலவுப் பக்கத்தில் "வாராக்கடன்" என்று இன்னொரு வரி எழுதுவது முதல் பிழை. வராத 2 சதவீதம் ஏற்கெனவே வரவில் இல்லை. மறுபடி கழித்தால் இரண்டு முறை கழித்ததாகும். லாப நட்டத் திட்டத்தில் அதற்கு இடம் உண்டு, பணத் திட்டத்தில் இல்லை. கணக்கில் வாராக்கடனுக்கு ஒதுக்கீடு வைப்பதாலும் பணம் நகர்வதில்லை. வருமான வரியிலும் ஒதுக்கீடு வைத்தால் மட்டும் கழிவு கிடைக்காது, பாக்கியை உண்மையாகத் தள்ளுபடி செய்து எழுதினால்தான் கிடைக்கும்.

இரண்டாவது ஜிஎஸ்டி. மாதாந்திரக் கணக்கு தாக்கல் செய்பவர் ஜூலை பில்லுக்கான வரியை ஆகஸ்ட் 20க்குள் கட்ட வேண்டும். பார்ட்டி பணம் கொடுத்தாரா என்று யாரும் கேட்பதில்லை. எனவே வரிச் செலவை வரவின் மேல் கணக்கிடாமல் விற்பனையின் மேல் கணக்கிடுங்கள். பணம் வராமலே போனாலும் கட்டிய வரி திரும்பி வராது, ஆகவே உங்கள் நட்டம் வரியும் சேர்ந்த முழுத் தொகை. வசூலுக்கு உதவும் விதி ஒன்றும் இதில் இருக்கிறது. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் கொடுக்காத பார்ட்டி, எடுத்த உள்ளீட்டு வரியைத் திருப்ப வேண்டும். 150ஆம் நாளில் இதை அவர்களுடைய அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கு மெயிலில் நினைவுபடுத்துவது, முதலாளிக்குப் போன் செய்வதைவிடச் சில இடங்களில் நன்றாக வேலை செய்யும்.

மூன்றாவது, சட்டப்படி கிடைக்க வேண்டிய வட்டியை வரவாக எழுதுவது. 2006ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டப்படி தாமதித்த தொகைக்கு ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டி கேட்கலாம். தாமதப் பணத்துக்கான அரசு இணையதளத்தில் புகாரும் பதியலாம். கேளுங்கள், பதியுங்கள். ஆனால் உத்தரவு வந்து பணம் ஏறும் வரை திட்டத்தில் அது பூஜ்யம்தான்.

மாதம் முடிந்ததும்

ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஜூலையின் உண்மை வரவை மொத்தமாக ஒப்பிட்டு "17.06 எதிர்பார்த்தோம், 15.50 வந்தது" என்று நிறுத்தினால் எதுவும் புரியாது. ஐந்து வரிகளாகப் பிரித்துப் பாருங்கள். ஜூலை விற்பனையின் 2 லட்சம் வரவில்லை என்றால் ரொக்க வாடிக்கையாளர்கள் கடனுக்கு மாறியிருக்கிறார்கள், தாமதம் புதிதாகத் தொடங்குகிறது. மே விற்பனையின் 6.30 லட்சத்தில் குறைந்தால் பெரும்பாலும் ஒரு மாதத் தள்ளல், ஆகஸ்டில் சேர்த்து எழுதலாம். மார்ச் விற்பனையின் 0.96 லட்சம் வரவில்லை என்றால் தொகை சிறியதுதான், ஆனால் அது நான்கு மாதப் பத்தியின் கடைசி வாய்ப்பு. அதை ஆகஸ்டுக்குத் தள்ளாமல் பெயர்ப் பட்டியலுக்கு மாற்றி, அந்தப் பார்ட்டிகளுக்குப் போக வேண்டிய அடுத்த லோடை முன்பணம் வந்த பிறகே ஏற்றச் சொல்லுங்கள்.